இழுத்துப் பாடினால் மலையும் மாலைதான்

வணக்கம் ஐயா. எங்கள் அம்மாச்சி பாடிய தாலாட்டு ஒன்று என் செல்போனில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன். 'மாலையிலே பூத்த பூவே' என்றுதான் என் காதில் விழுகிறது. அம்மா 'மலையிலே' என்கிறார். வேகத்தைக் குறைத்துக் கேட்டும் தெளியவில்லை. எப்படி முடிவு செய்வது? பதிவை இணைத்திருக்கிறேன்.
ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

பதிவைப் பலமுறை கேட்டேன். அருமையான குரல்.

முதலில், வேகத்தைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். சொல்லை மறைப்பது இழுவைதான். குறைத்தால் அந்த இழுவை இன்னும் நீண்டு, ஒரு சொல்லின் முன்பாதி நினைவில் இருந்து நழுவிய பிறகுதான் பின்பாதி வருகிறது. Audacity மென்பொருளில் Change Tempo என்று ஒன்று உண்டு. அதில் 60 சதவீதம் கூட்டினால் 16 விநாடி வரி 10 விநாடியில் முடியும், சுருதி மாறாது. அப்படிக் கேட்டபோது எனக்குப் பாதிப் பாட்டு தானாகப் பிடிபட்டது.

உங்கள் முதல் வரி மட்டும் பிடிபடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சில் மலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடு முதலெழுத்தின் அளவில் இருக்கிறது. பாட்டில் அந்த அளவை மெட்டு எடுத்துக்கொள்கிறது. 'ம'வை நான்கு விநாடி இழுக்கும்போது வாய் திறந்து அகரம் ஆகாரமாகவே ஒலிக்கும். அதனால் உங்கள் காது தப்பாகக் கேட்கவில்லை. அம்மாச்சி பாடியது 'மாஅஅலை'தான். அவர் நினைத்தது எது என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். மலைக்கு அலை, மாலைக்கு ஆலை. இரண்டாம் வரி பதிவில் 'ஆஅலையிலே சேர்ந்த முத்தே' என்று கேட்கிறது. அதுவும் இழுவைதான். ஆக மலை–அலை, அல்லது மாலை–ஆலை. கலந்து வர வாய்ப்புக் குறைவு. முதல் வரியை மட்டும் பார்த்தால் இரண்டுமே பொருந்தும், பூ மாலையிலும் பூக்கும். ஆனால் ஆலையில் முத்துக்கு என்ன வேலை? கரும்பாலை என்றால் சாறும் பாகும் வரும். முத்து அலையோடு சேர்ந்தது. அப்படியானால் இரண்டாம் வரி அலை, அதன் துணையால் முதல் வரி மலை. அம்மா சொன்னதே சரி என்று நினைக்கிறேன். நாட்டுப் பாடல்கள் எதுகையை எல்லா வரியிலும் காப்பதில்லை. அதனால்தான் எதுகையோடு பொருளும் ஒத்துவருகிறதா என்று பார்த்தேன்.

ஐந்தாம் வரியில் 'பாஆட்டுத் தொட்டில்' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். உயிரெழுத்து இப்படி ஏமாற்றினாலும் இரட்டித்த வல்லினம் அவ்வளவாக ஏமாற்றாது. 'ட்ட' வரும்போது நாக்கு மேலே ஒட்டி, குரல் ஒரு கணம் நின்றே தீர வேண்டும். திரையில் ஒலி அலை அங்கே தட்டையாகத் தெரியும். ஒற்றை 'டு'வில் அந்த இடைவெளி இருக்காது. உங்கள் பதிவில் இடைவெளி இருக்கிறது, ஆகவே 'ட்டு' உறுதி. மீதி பட்டா, பாட்டா என்பதுதான். பட்டுத் தொட்டில் என்றே எழுதலாம்.

பல வருடங்களுக்கு முன் களையெடுப்புப் பாட்டு ஒன்றில் 'களையே' என்பதைக் 'காளையே' என்று எழுதினேன். காதல் பாட்டு என்று முன்கூட்டியே நினைத்துக்கொண்டதால் காளைதான் கேட்டது. சுத்தப்பிரதி எடுத்தபின் பழைய தாளைக் கிழித்துவிட்டேன். பிறகு சந்தேகம் வந்தபோது காதில் விழுந்தது எது, நான் ஊகித்தது எது என்று பிரிக்க வழியில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை எழுதுகிறேன். மேலே கேட்டபடி, கீழே படித்தபடி:

மாஅஅலையிலே பூஉத்த பூவேஎ
மலையிலே பூத்த பூவே

இழுவையை இப்படிக் காட்டுவது நம் ஏட்டு வழக்கம்தான். குறளில் 'ஓஒதல் வேண்டும்' (653) என்று அளபெடை வருவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்வரியை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தாதீர்கள். நாளை வேறொருவர் உங்கள் கீழ்வரியை மறுக்க அது வேண்டும்.

அப்புறம், அம்மாச்சி வயதில் உங்கள் ஊரில் யாராவது இந்தப் பாட்டு தெரிந்தவர் இருந்தால் போய்ப் பாருங்கள். 'மலையா, மாலையா?' என்று கேட்காதீர்கள், எதைச் சொன்னாலும் ஆமாம் என்பார்கள். 'மாலையிலே பூத்த பூவே, ஆலையிலே சேர்ந்த முத்தே' என்று பேச்சு நடையில் நீங்களே சொல்லிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். தப்பென்றால் அவர்களே குறுக்கிட்டுத் திருத்துவார்கள். அப்போது போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும்.