ஜி.எஸ். கடிதம் ஏன் போதவில்லை? வாரிசுச் சான்றிதழ் பற்றி வாசகர் கேள்விகள்

அப்பா இறந்து நான்கு மாதமாகிறது. உயில் எதுவும் எழுதவில்லை. ஊர்க் கிராம சேவகரான ஜி.எஸ். குடும்ப விவரம் எழுதித் தந்தார், பிரதேச செயலாளரும் மேலொப்பம் இட்டார். ஆனால் வங்கி அதை ஏற்க மறுக்கிறது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம் என்று யூடியூபில் பார்த்தேன். திருகோணமலையில் யாரிடம் போக வேண்டும்? எங்களுக்கு இருப்பது உப்புவெளியில் 20 பேர்ச் வீட்டுக்காணி, தம்பலகாமத்தில் இரண்டு ஏக்கர் வயல், ஒரு சேமிப்புக் கணக்கு, ஒரு நிலையான வைப்பு. அம்மா இருக்கிறார். நான் மூத்தவன். தங்கச்சி கனடாவில். தம்பி அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார், அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள்.

நீங்கள் பார்த்தது தமிழ்நாட்டு நடைமுறை. அங்கே தாசில்தார் விசாரித்து வாரிசுச் சான்றிதழ் கொடுப்பார். நம் இலங்கையில் தாசில்தாரும் இல்லை, அந்த அதிகாரம் பிரதேச செயலாளருக்கும் இல்லை. ஜி.எஸ். கடிதம், இன்னார் இந்தக் குடும்பத்தவர் என்று ஊரளவில் சொல்லும் கடிதம். சில அலுவலகங்கள் சிறு காரியங்களுக்கு அதை ஏற்கும். இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று சட்டப்படி சொல்லும் தாள் மாவட்ட நீதிமன்றத்திலிருந்துதான் வரும். அதன் பெயர் வாரிசுரிமைச் சான்றிதழ்.

ஆனால் நாளைக்கே நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். அப்பாவின் கடதாசிகளை மேசையில் பரப்பி, ஒவ்வொரு சொத்துக்கும் தனித்தனிக் குவியல் போடுங்கள். எந்தச் சொத்துக்கு எந்தக் கதவு என்று அப்போதுதான் தெரியும்.

முதலில் வயல் கடதாசியை எடுங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்களில் பல, அரசாங்கம் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கொடுத்தவை. கையில் இருப்பது நொத்தாரிசு எழுதிய உறுதியா, அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்று பாருங்கள். அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால் அந்த வயல் நீதிமன்றப் பங்குக் கணக்குக்குள் வராது. அதற்குத் தனி விதி. அப்பா யாரையாவது தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராகக் குறித்து, அது அவர் உயிரோடு இருந்தபோதே பதிவாகியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் விசாரியுங்கள். குறித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மாவுக்குத்தான் முதல் உரிமை. அவர் தன் ஆயுட்காலம்வரை வயலை வைத்திருக்கலாம். ஆனால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் வயலைப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது சட்டம். உங்களுக்கு நான்கு மாதம் போய்விட்டது. ஆகவே இந்தக் கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழையும் பத்திரத்தையும் காட்டி, எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வங்கிப் பணத்துக்காக அலைந்துகொண்டே இந்த ஆறு மாதத்தைக் கோட்டைவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தச் சிக்கலை அவிழ்ப்பது பெரும்பாடு.

அடுத்து சேமிப்புக் கணக்கு. கணக்குத் திறந்தபோது, தனக்குப் பின் பணம் பெறுபவராக அப்பா அம்மாவின் பெயரைக் குறித்திருந்தால், இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும், வங்கி அம்மாவிடம் பணத்தைக் கொடுக்கும். நீதிமன்றத் தாள் தேவையில்லை. நிலையான வைப்பையும் அதே வங்கியில்தான் போட்டிருக்கிறார் என்பதற்காக அதற்கும் அம்மாவின் பெயர் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கணக்கையும் தனியாகக் கேளுங்கள். பெயர் குறிக்காத வைப்புக்குத்தான் வங்கி உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கும். அதில் அவர்கள் பிழை இல்லை. நாளைக்கு வேறொரு பிள்ளை வந்து நின்றால் வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, வயல் அரசாங்கப் பத்திரக் காணி, சேமிப்புக்கு அம்மாவின் பெயர் இருக்கிறது என்றால், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை இரண்டு: உறுதியுள்ள வீட்டுக்காணியும் பெயர் குறிக்காத நிலையான வைப்பும். பங்கு எப்படி என்று பார்ப்போம். பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. 20 பேர்ச்சில் 10 பேர்ச் அம்மாவின் பங்கு. மற்றப் பத்தை மூன்றாகப் பிரித்தால் உங்களுக்கு மூன்றேகால் பேர்ச்சுக்குச் சற்றுக் கூட, தங்கச்சிக்கும் அதேயளவு. தம்பி இல்லை என்பதால் அவர் பங்கு அழிந்துபோகாது, அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இறங்கும், ஆளுக்கு முழுக் காணியில் பன்னிரண்டில் ஒன்று. தம்பி மனைவிக்கு மாமனார் சொத்தில் நேரடியாகப் பங்கில்லை. பிள்ளைகள் சிறுவர்கள் என்பதால் அவர்கள் சார்பில் நிற்க ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். அவர்கள் பங்கை நீங்கள் யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. அப்பா வடமாகாணத்தை நிரந்தர வாழிடமாகக் கொண்ட யாழ்ப்பாணத் தமிழராக இருந்தால், திருகோணமலையில் வீடு கட்டி வாழ்ந்திருந்தாலும் தேசவழமைச் சட்டம் அவரோடு கூடவே வரும். அப்போது வழிவழியாக வந்த முதுசம், சீதனம், மணவாழ்வில் சம்பாதித்த தேடியதேட்டம் என்று சொத்தை வகைபிரித்துத்தான் பங்கு பார்ப்பார்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம். சட்டத்தரணி முதல் நாளே "அப்பாவுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பது இதனால்தான்.

வாரிசுரிமைச் சான்றிதழ் போதும் என்கிறார் ஒரு சட்டத்தரணி. நிர்வாகக் கடிதம்தான் எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டும் ஒரே நீதிமன்றத்தில் எடுப்பவைதான். சான்றிதழ், வாரிசுகள் இன்னார் என்று உறுதிப்படுத்தும். நிர்வாகக் கடிதம் அதற்கும் மேலே, ஒருவரை நிர்வாகியாக்கி, கடனை அடை, வரவேண்டியதை வாங்கு, மிஞ்சியதைப் பங்கிடு என்று பொறுப்புக் கொடுக்கும். அவர் சொத்து விவரப் பட்டியல் கொடுக்க வேண்டும், கடைசியில் நீதிமன்றத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். எல்லோரும் ஒத்துப்போகிறீர்கள், பெரிய கடன் இல்லை என்றால் எனக்குச் சான்றிதழே சரி என்று படும். அப்பா கடை நடத்தி, கொடுக்கல் வாங்கல் பாக்கி இருந்தால் இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். எதுவானாலும் உள்ளே போகும் மனுவில் ஒரே விவரங்கள்தான்: இறப்புச் சான்றிதழ், உயில் இல்லை என்ற கூற்று, வாரிசுகள் ஒவ்வொருவரும் எந்த முறை, சொத்து விவரமும் பெறுமதியும், எல்லாவற்றுக்கும் ஆதாரமாகச் சத்தியக்கடதாசி. பிறகு பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஆட்சேபிக்க விரும்புவோருக்கு அதில் தவணை கொடுத்திருப்பார்கள்.

அப்பாவின் பெயர் உறுதியில் கந்தையா, அடையாள அட்டையில் கந்தசாமி, என் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. அம்மாவும் அப்பாவும் கோயிலில் தாலி கட்டியவர்கள், பதிவு செய்யவில்லை. இதனால் தடை வருமா?

வழக்குகள் இழுபடுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். மனு போடுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் கடதாசியின் பெயர், வலப்பக்கம் அதில் அப்பாவின் பெயர் எழுத்துக்கெழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பழைய உறுதிகளில் ஆங்கில எழுத்தில் இருப்பதையும் சேருங்கள். சென்ற வருடம் ஒரு குடும்பம் இப்படி எழுதியபோது ஒரே தகப்பனுக்கு ஐந்து வடிவம் வந்தது. அந்த ஐந்தையும் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரோடு சேர்த்து, எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஒரே சத்தியக்கடதாசியில் சொன்னோம், அதே வாசகத்தோடு ஜி.எஸ். கடிதமும் வைத்தோம். மனுவில் ஒரு வடிவத்தை மட்டும் போட்டுவிட்டால், சான்றிதழ் கைக்கு வந்த பிறகு காணிப் பதிவகத்திலோ வங்கியிலோ "இது வேறு ஆளின் பெயர்" என்று நிறுத்துவார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முற்றிலும் மாறியிருந்தால் சத்தியக்கடதாசியை மட்டும் நம்பாமல், பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் திருத்தம் செய்துகொள்ளுங்கள்.

திருமணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வழக்கப்படி நடந்த இந்துத் திருமணம் பதிவில்லாவிட்டாலும் நம் சட்டத்தில் செல்லும். ஆனால் நடந்தது என்று காட்ட வேண்டும். தாலி கட்டியதைப் பார்த்த வயதானவர் ஒருவரின் சத்தியக்கடதாசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் "பெற்றோர் விவாகமானவர்களா" என்ற கட்டத்தில் இருக்கும் பதில், வாக்காளர் இடாப்பு, ஊரார் கணவன் மனைவியாக மதித்ததற்கான சாட்சி, இவற்றை இப்போதே சேருங்கள். இது அம்மாவின் பாதிப் பங்கோடு நிற்கிற விடயம் அல்ல. திருமணம் நிறுவப்படாவிட்டால் பொதுச் சட்டத்தில் பிள்ளைகள் தாயின் சொத்துக்கு வாரிசாவார்கள், தகப்பனின் சொத்துக்கு ஆக மாட்டார்கள். சாட்சி சொல்லக்கூடிய பெரியப்பா, மாமி யாராவது இருந்தால் அவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

அக்கா வெளிநாட்டில். போன் எடுப்பதில்லை, கையெழுத்துத் தர மாட்டாராம். அவரை விட்டுவிட்டு மற்ற மூவரும் எடுக்கலாமா?

அவர் சம்மதம் இல்லாமல் வழக்குப் போடலாம். அவர் பெயரை விட்டுவிட்டுப் போடக் கூடாது. அவரை எதிர்மனுதாரராகக் காட்டி அறிவித்தல் அனுப்புங்கள். வந்து ஆட்சேபிக்கலாம், வராமல் இருக்கலாம், எதுவானாலும் அவர் பங்கு அவருக்கே. ஒரு வாரிசை மறைத்துச் சத்தியக்கடதாசி கொடுத்தால் அது பொய்ச்சத்தியம். எடுத்த சான்றிதழையும் பின்னர் அவர் கேட்டு இரத்தாக்கலாம், இடையில் காணியை வாங்கியவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். மனம் மாறிச் சம்மதிக்கிறார் என்றால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பிய தாளை நீதிமன்றத்தில் கொடுக்க முடியாது.

அம்மா வீட்டில்தான் இருக்கிறார், நாங்கள் விற்கப் போவதும் இல்லை. பிறகு எதற்கு இந்தச் செலவு?

உரிமையைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பது சரிதான். நம் சட்டத்தில் ஒருவர் கண்மூடிய அந்த நேரமே காணி வாரிசுகளுக்கு வந்துவிடும். சான்றிதழ் புதிதாக உரிமை எதையும் தருவதில்லை, இருக்கிற உரிமையைக் காட்டும். ஆனால் வீட்டை ஈடுவைத்துக் கடன் எடுக்க, மதில் தகராறில் வழக்குப் போட, ஒரு பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுத, ஒவ்வொன்றிலும் அதைக் காட்டச் சொல்வார்கள். சட்டம் குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட ஆதனம் என்றால், சான்றிதழோ நிர்வாகக் கடிதமோ இல்லாமல் இறந்தவரின் சொத்தை மீட்க வழக்கே நடத்த முடியாது.

பணத்தை விடக் காலம்தான் எனக்குக் கவலை. சாம்பல்தீவுப் பக்கம் ஒரு காணிக்கு உதவி கேட்டு வந்தார்கள். தாத்தா இறந்தபோது எடுக்கவில்லை, அப்பா இறந்தபோதும் எடுக்கவில்லை. வாரிசுகளைக் கிளை கிளையாக வரைந்தபோது முப்பத்தொரு பேர், அதில் பதினொருவர் கடல் கடந்தவர்கள், இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. தாத்தாவோடு அன்றைக்கே முடித்திருந்தால் ஐந்து பேர் கையெழுத்து. உங்கள் வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அம்மா நீதிமன்றப் படி ஏறக்கூடிய உடல்நிலையில் இருக்கிறார் என்றால் இந்த வருடமே மனுவைப் போட்டுவிடுங்கள்.