ஸ்டாப்லாஸ் நிற்காத இடம்

கேள்வி: "சார்ட்டை மட்டும் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஸ்டாப்லாஸும் தவறாமல் போடுகிறேன். அப்படியிருக்க கடன், புரமோட்டர் அடகு, பணவரத்து இதையெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்?"

ஸ்டாப்லாஸ் வேலை செய்ய வேண்டுமானால் எதிரில் வாங்குவதற்கு ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாமல் போன நாட்களை நான் வேலூரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு கட்டுமான நிறுவனத்தின் பங்கை 140 ரூபாயில் வாங்கினேன். 200 நாள் சராசரியைத் தாண்டி, நல்ல வர்த்தக அளவோடு மேலே வந்திருந்தது. 128-இல் ஸ்டாப்லாஸ். 200 பங்குகளுக்கு 2,400 ரூபாய் போனாலும் போகட்டும் என்பது கணக்கு. மூன்று வாரம் கழித்து ஒரு நாள், அதே 140-இலிருந்து ஐந்து சதவீதம் இறங்கி 133-இல் லோயர் சர்க்யூட், அன்றைக்கு அதற்குக் கீழே விலை இறங்க அனுமதியில்லை. மறுநாள் 126-இல் திறந்து அங்கேயே பூட்டிக்கொண்டது. என் ஆர்டர் விற்பனை வரிசையில் நின்று, மாலையில் ரத்தானது. பிறகு 120, 114. ஐந்தாம் நாள் 108-இல்தான் வாங்க ஆள் வந்தார்கள். நஷ்டம் 6,400 ரூபாய்.

காரணம், அந்த நிறுவனத்தின் புரமோட்டர் தம் பங்குகளில் 62 சதவீதத்தை அடகு வைத்திருந்தார். இந்த அடகு எப்படி வெடிக்கிறது என்று பாருங்கள். 100 கோடி கடனுக்கு 200 கோடி மதிப்புள்ள பங்கை ஈடாகக் கொடுக்கிறார்கள். விலை இறங்கி ஈட்டின் மதிப்பு 150 கோடியானால், கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கிடைக்காவிட்டால் கையில் உள்ள பங்கைச் சந்தையில் விற்றுவிடுவார். அந்த விற்பனையால் விலை இன்னும் இறங்கி, அடுத்த கடன்காரரின் எல்லையைத் தொடும். அவருக்குத் தம் பணம் திரும்ப வேண்டும், விலை அவருக்குப் பொருட்டல்ல. இது தொடங்கும் வரை சார்ட்டில் எந்த அடையாளமும் தெரியாது.

புரமோட்டர் ஏன் அடகு வைத்தார் என்பதற்கான பதில் ஆண்டறிக்கையில் முன்பே இருந்தது. நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவன். சரக்கு கிளம்பியதும் விற்பனை என்று எழுதிவிடுவோம், லாபமும் கணக்கில் ஏறிவிடும். வாங்கியவர் பணம் அனுப்ப நான்கு மாதம் ஆகும். அதுவரை கூலிக்கும் ரசாயனத்துக்கும் வங்கிக் கடன்தான். பாக்கி வசூலாகிக்கொண்டிருந்தால் சிக்கல் இல்லை. வசூல் நின்றுபோனால், லாபம் காட்டிக்கொண்டே கடனில் மூழ்கலாம்.

இதே உருவம்தான் அந்தக் கட்டுமான நிறுவனத்திலும் இருந்தது. மூன்று ஆண்டுகளின் லாபம் 40, 46, 52 கோடி. செயல்பாட்டுப் பணவரத்தோ 38, 17, பிறகு மைனஸ் 6. ஆக லாபம் 138 கோடி, கைக்கு வந்த பணம் 49 கோடி. அதே காலத்தில் கடன் 90 கோடியிலிருந்து 210 கோடியானது. ஒரே ஓர் ஆண்டு பணவரத்து குறைவதை நான் குற்றமாக எடுப்பதில்லை. மார்ச் கடைசியில் சரக்கு வாங்கிக் குவித்தாலே அப்படித்தான் வரும். ஆனால் விற்பனை ஆண்டுக்கு 15 சதவீதம் வளரும்போது வர வேண்டிய பாக்கி இரட்டிப்பானால், பணம் எங்கோ சிக்கியிருக்கிறது.

இப்போது சார்ட்டைத் திறப்பதற்கு முன் screener.in-இல் இந்த வடிகட்டியைப் போடுகிறேன்:

```
Debt to equity < 0.5 AND
Pledged percentage < 5 AND
Cash from operations last year > 0
```

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது, அவர்களுக்குக் கடன்தான் மூலப்பொருள். இதில் தேறியவற்றுக்கு மட்டும் மூன்றாண்டு லாபத்தையும் பணவரத்தையும் கூட்டி ஒப்பிடுகிறேன். பணவரத்துக் கணக்கை நிறுவனங்கள் அரையாண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்பதால், ஜூன், டிசம்பர் காலாண்டு லாபத்தை மட்டும் நம்பி வாங்குவதில்லை.

அடகு விகிதத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அது 62-இலிருந்து 35-க்கு இறங்கியதும் கடனை அடைத்துவிட்டார் என்று மகிழ்ந்து வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவர் பங்கை எடுத்து விற்றாலும் அந்த எண் இறங்கும். ஆகவே பி.எஸ்.இ. தளத்தில் பங்குதாரர் பட்டியலைத் திறந்து, புரமோட்டரின் மொத்தப் பங்கு விகிதத்தை முந்தைய காலாண்டோடு ஒப்பிடுங்கள். அது அப்படியே இருந்து அடகு மட்டும் குறைந்திருந்தால் கடன் அடைந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால், அடகுப் பங்கு பறிபோயிருக்கிறதா என்று அதே தளத்தின் அறிவிப்புகளில் தேடிப் பார்க்காமல் அந்தச் சார்ட்டைத் திறக்காதீர்கள்.