மாட்டுக்கு டியூபர்குலின் சோதனை: வீக்கத்தை எப்படிப் படிப்பது?

"கழுத்தில் இரண்டு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் மேல் இடத்தில் தோல் 7 மி.மீ.யிலிருந்து 10 ஆகவும், கீழே 7 மி.மீ.யிலிருந்து 15 ஆகவும் தடித்திருந்தது. காசநோய் என்கிறார்கள். மாடு நன்றாகத்தான் தின்கிறது, கறக்கிறது. நம்பலாமா?"

நம்புங்கள் ஐயா. மேல் ஊசி பறவைக் காசநோய்க் கிருமியின் புரதம். கீழ் ஊசி மாட்டுக் காசநோய்க் கிருமியினுடையது. மண்ணிலும் நீரிலும் உள்ள தீங்கற்ற உறவுக் கிருமிகளால்கூடத் தோல் தடிக்கும் என்பதால்தான் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். உங்கள் மாட்டில் மேலே 3 மி.மீ., கீழே 8 மி.மீ. கூடியிருக்கிறது. வித்தியாசம் 5. வழக்கமான அளவுகோலில் 4-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ். 1 முதல் 4 வரை என்றால் சந்தேகக் கணக்கு. 42 நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் போட்டால் தோல் சரியாக எதிர்வினை காட்டாது.

மாடு தெம்பாக இருப்பது சான்றல்ல. நுரையீரலில் சிறு கட்டிகளோடு மாதக்கணக்கில் நன்றாகவே கறக்கும். இருமும்போது பக்கத்து மாட்டுக்குக் கிருமியைத் தரும். எனவே இன்றே அதைத் தனியே கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியையும் பிரியுங்கள், மற்ற எல்லா மாடுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் வந்தாலும் ஒரே சோதனையோடு நிறுத்தாதீர்கள்: அண்மையில் தொற்றியதும், நோய் முற்றியதும், புதிதாகக் கன்று ஈன்றதும் தப்பிவிடக்கூடும். தயவுசெய்து இந்த மாட்டைச் சந்தையில் விற்றுவிடாதீர்கள்.

இதன் பாலை விற்கவோ குடிக்கவோ வேண்டாம். மற்ற மாடுகளின் பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ கழுத்தில் நெறிக்கட்டியோ இருந்தால், மருத்துவரிடம் மாட்டின் முடிவையும் சொல்லுங்கள். வழக்கமான காசநோய் மாத்திரைகளில் ஒன்றான பைராசினமைடு இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது.