பினாங்குக்கு ஐந்து பேர்: ஒரே பஸ்ஸா, இரண்டு ரயிலா?

கேள்வி: நான், மனைவி, 10, 7 வயதுப் பிள்ளைகள், மாமியார். பள்ளி விடுமுறைக்குச் செந்தூலிலிருந்து பினாங்கு ஆயர் ஈத்தாமுக்குப் போகிறோம். பஸ்ஸில் ஐவருக்கும் 205 ரிங்கிட். ஒரே ரயிலில் இடமில்லை. காலை ரயிலில் மூவர், மதிய ரயிலில் இருவர் என்று எடுத்தால் 312. பெரிய பைகள் நான்கு. 107 ரிங்கிட் கூடக் கொடுத்து ரயிலில் போகலாமா?

பதில்: டிக்கெட் விலையோடு நிறுத்தாமல், வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போடுங்கள். கிராப், சாப்பாட்டுத் தொகைகள் என் உத்தேசம்தான். உங்கள் போனில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் பஸ். டிபிஎஸ் போக ஆறு பேர் ஏறும் கிராப் 30. சுங்கை நிபோங் தீவிலேயே இருப்பதால் அங்கிருந்து ஆயர் ஈத்தாமுக்கு 25 போதும். வழியில் ஆர் அண்ட் ஆரில் ஐவரும் சாப்பிட 60. பைகள் பஸ்ஸின் அடியில் போய்விடும். ஆக மொத்தம் 320. நாசி லெமாக் கட்டி எடுத்துப் போனால் சாப்பாடு 20-க்குள் முடியும். மொத்தம் 280 ஆகிவிடும்.

ரயிலில் பிரிந்து போனால் எல்லாமே இரண்டு தடவை. கேஎல் சென்ட்ரலுக்கு இரண்டு கிராப், 30. ரயில் பட்டர்வொர்த்தோடு நின்றுவிடும். பாலம் தாண்டி ஆயர் ஈத்தாம் போக ஒரு காருக்கு 40 என்றாலும் இரண்டுக்கு 80. சாப்பாடு 45. டிக்கெட்டோடு சேர்த்து 467. அதாவது வித்தியாசம் 107 இல்லை, 147.

முதலில் போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் காத்திருந்து, எல்லோரும் ஃபெரியில் சேர்ந்து போகலாமே என்று தோன்றும். ஃபெரிக்குப் பெரியவருக்கு 2 ரிங்கிட்தான். ஐவருக்கும் 10 வைத்துக்கொள்வோம். அக்கரையிலிருந்து ஒரே கிராப் 25. ஆனால் காத்திருக்கும் மூவருக்கு மதியச் சாப்பாடும் தண்ணியும் 40 ஆகும். மொத்தம் 462. ஐந்து ரிங்கிட் மிச்சத்துக்காகப் பிள்ளைகளையும் பைகளையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டுமா?

பைகளையும் யோசியுங்கள். ரயிலில் தலைக்கு மேலுள்ள தட்டில் நீங்களேதான் தூக்கி வைக்க வேண்டும். நீங்கள் பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டால், உங்கள் மனைவியும் மாமியாரும் இரண்டு பெரிய பைகளோடு படியேறி இறங்க வேண்டும்.

பஸ்ஸில் பயம் நெரிசல்தான். விடுமுறையின் முதல் சனிக்கிழமை ஐந்து மணி நேரப் பயணம் எட்டு மணி நேரமாகலாம். இன்னொரு வேளைச் சாப்பாடு 60 சேர்த்தாலும் 380. பிரிந்து போகும் ரயிலைவிட 87 குறைவு.

அதனால் பிரிந்து போக வேண்டாம். ஆனால் மாமியாருக்கு மூட்டு வலியோ, அடிக்கடி கழிவறை போகும் தேவையோ இருந்தால், வேறு நாளில் ஐவருக்கும் ஒரே ரயில் கிடைக்கிறதா என்று பாருங்கள். பெட்டி வேறானாலும் பரவாயில்லை, பிள்ளைகளுடன் ஒரு பெரியவர் இருந்தால் சரி. அப்படிக் கிடைத்தால் ஒரே கிராப் 20, ஃபெரி வழி என்று மொத்தம் 412 ஆகும். பஸ்ஸைவிட 92 அதிகம். அவர் எழுந்து நடக்கவும் கழிவறை போகவும் முடிவதால் அதை நான் தயங்காமல் கொடுப்பேன். அந்தத் தேவை இல்லையென்றால், வார நாளின் முதல் பஸ்ஸில் ஐந்து இடம் எடுத்துவிடுங்கள்.