சோமாஸ் வாய் பிளப்பது வெள்ளைக்கருவின் குற்றமா?

கேள்வி: வீட்டிலேயே கீமா வைத்து, சோமாஸ் மாதிரி அரைவட்டமாக மடித்துப் பொரித்து விற்கிறேன். வெஜ் பப்ஸும் எள் தூவிய பன்னும் உண்டு. எல்லாவற்றுக்கும் முட்டை வெள்ளைக்கருதான் தடவுகிறேன். இருந்தும் எண்ணெயில் போட்டதும் நாலில் ஒன்று வாய் பிளந்துவிடுகிறது, பன்னில் எள் உதிர்கிறது. கேக் சாமான் கடையில் ‘எடிபிள் க்ளூ’ என்று ஒரு பாட்டில் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சி.எம்.சி. என்னும் பொடியைத் தண்ணீரில் கரைத்த கூழ். கேக்கின் மேல் சர்க்கரைப் பூவையும் இலையையும் ஒட்டுவதற்கானது, காற்றில் காய்ந்து பிடிக்கும். சூட்டில் இறுகும் குணம் அதற்குக் கிடையாது. வெள்ளைக்கரு நேர் எதிர். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி கிட்டத்தட்ட முழுவதும் புரதம். 60 டிகிரியைத் தாண்டியதும் அந்தப் புரதம் கட்டியாகத் தொடங்கி, 80 டிகிரி வாக்கில் கெட்டிப்பட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது அந்த இறுக்கம். பொரிக்கிற பண்டத்துக்குச் சர்க்கரைப் பூப் பசையை விற்கிற கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. கேட்டதை எடுத்துத் தந்தால் அவருக்கு வியாபாரம், அவ்வளவுதான்.

முதலில், வாய் பிளந்த ஒன்றை ஆறவைத்து உற்றுப் பாருங்கள். ஒட்டிய கோட்டிலேயே பிரிந்திருக்கிறதா, அல்லது கோடு அப்படியே இருக்க அதற்குப் பக்கத்தில் மாவு கிழிந்திருக்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய்.

கோட்டிலேயே பிரிந்திருந்தால் ஓரம் சுத்தமில்லை. பிரிந்த இடம் வெள்ளையாக, பொடியாக இருந்தால் தேய்க்கும்போது தூவிய மைதா அங்கேயே தங்கிவிட்டது. வெள்ளைக்கரு அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொண்டது, மாவை எட்டவே இல்லை. காய்ந்த பிரஷால் ஓரத்தைத் தட்டிவிட்டுத் தடவுங்கள். பளபளவென்று எண்ணெய்ப் பசையாக இருந்தால் கீமாவின் கொழுப்பு ஓரத்தில் பட்டிருக்கிறது. கொழுப்பு பட்ட இடத்தில் எதுவும் பிடிக்காது. 10 செ.மீ. வட்டத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கீமா போதும். அதை நடுவில் வைத்து, ஓரத்தில் ஒரு செ.மீ. அளவுக்காவது எதுவும் படாமல் விடுங்கள். பூரணம் வைக்கும் கையும் ஓரம் அழுத்தும் கையும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

மாவு கிழிந்திருந்தால் பழியை ஒட்டின்மேல் போடாதீர்கள். உள்ளே சூடான கீமாவை வைத்திருப்பீர்கள், அல்லது காற்றை அடைத்து மூடியிருப்பீர்கள். எண்ணெயில் விழுந்ததும் காற்று விரியும், கீமாவின் ஈரம் ஆவியாகும். வெளியேற வழி கேட்கும் அந்த ஆவி, மாவு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே உடைக்கும். முள்கரண்டியால் அழுத்தமாகக் குத்திய இடம்தான் பெரும்பாலும் அது. கீமாவை ஈரம் வற்றும்வரை வதக்கி முழுக்க ஆறவிடுங்கள். மூடும்போது மடித்த பக்கத்திலிருந்து விரலால் காற்றைத் தள்ளிக்கொண்டே ஓரத்துக்கு வாருங்கள்.

பசையைத் தயாரிக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. ஒரு முட்டையின் வெள்ளைக்கரு ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். ஒரு தேக்கரண்டி தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, முள்கரண்டியால் நுரை எழாமல் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு அதன் வழவழப்பைத் தளர்த்தும். பிறகு டீ வடிகட்டியில் வடித்தால் கட்டியில்லாமல் வரும். நுரைக்க அடித்தால் பசையோடு காற்றையும் சேர்த்துத் தடவுவீர்கள். ஓரத்தில் மெல்லிய பளபளப்பு தெரிந்தால் போதும். குளம் கட்டினால் இரண்டு ஓரமும் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. ஒரு வெள்ளைக்கரு 40 சோமாஸுக்குத் தாராளம். ஒட்டியதைத் தட்டில் அடுக்கி 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரியுங்கள். எண்ணெய் 170 டிகிரியாவது இருக்கட்டும். ஆறிப்போன எண்ணெயில் பசை இறுகுவதற்கு முன்பே மாவு தளர்ந்து, ஓரம் நெகிழ்ந்துவிடும்.

பப்ஸில் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள். மேலே தடவும்போது பசை வெட்டிய பக்கவாட்டில் வழியக் கூடாது. வழிந்தால் அடுக்குகளையே சேர்த்து ஒட்டிவிடும், அந்தப் பக்கம் உப்பாது. ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் அமுங்கிய பப்ஸுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். ‘வெஜ் பப்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள், வெள்ளைக்கரு தடவுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேராது. நம் நாட்டு உணவு லேபிள் விதிப்படி முட்டை சேர்ந்தது சைவம் இல்லை. ஓரத்தில் ஒரு கோடு தடவினாலும் அது சேர்மானம்தான், ‘பசைதானே’ என்ற விலக்கு எதுவும் இல்லை. பச்சை வட்டக் குறி போடக் கூடாது. பழுப்பு முக்கோணக் குறிதான் போட வேண்டும். அசைவச் சேர்மானம் முட்டை மட்டும்தான் என்றால் அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். சேர்மானப் பட்டியலிலும் ஒவ்வாமை எச்சரிக்கையிலும் முட்டை வந்தாக வேண்டும். பதிவு வாங்கித் தருகிறேன், லேபிளும் அடித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட், எதால் ஒட்டுகிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. காய்கறி என்றதும் பச்சைக் குறியை அச்சடித்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சோதனைக்கு வருபவர்களும் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்க்கிற அளவுக்கு, பிரஷ் நனைக்கிற கிண்ணத்தைப் பார்ப்பதில்லை. நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். முட்டை ஒவ்வாத குழந்தை அதைச் சாப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

வெஜ் பப்ஸுக்கு முட்டை தேவையும் இல்லை. மடிக்கும் ஓரத்தில் தண்ணீர் தொட்டு அழுத்தினாலே போதும். பிடிக்கவில்லை என்றால் இரண்டு மேசைக்கரண்டி மைதாவை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துத் தடவுங்கள். சமோசாக் கடைகளில் காலங்காலமாக இதுதான். ஆனால் பிரஷும் கிண்ணமும் தனியாக இருக்க வேண்டும்.

வெள்ளைக்கருவுக்கு என்று மண்டியில் மலிவாகக் கிடைக்கும் உடைசல் முட்டையையும் வாங்காதீர்கள். ஓடு விரிந்த முட்டைக்குள் கிருமி நுழையத் தடையில்லை. உங்கள் பிரஷ் அதை எல்லாப் பண்டத்துக்கும், பலகைக்கும், கைக்கும் கொண்டுபோகும். ஓரம் தடவிய கிண்ணத்தில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அடுப்பு ஏறாத எதையும் பச்சை வெள்ளைக்கருவால் ஒட்டவே கூடாது.

எள் உதிர்வதற்குக் காரணம், பன் வெந்தபின் தூவுவது, அல்லது முன்பே தடவி அது காய்ந்தபின் தூவுவது. பன் உப்பி, அடுப்புக்குப் போகும் நேரத்தில் தடவுங்கள். நாலைந்து பன்னுக்குத் தடவியதும் ஈரம் இருக்கும்போதே எள்ளைத் தூவி, உள்ளங்கையால் மெல்ல ஒற்றுங்கள். ஒரே அடுக்குதான் நிற்கும். எள்மேல் எள் விழுந்தால் மேலே இருப்பது எதிலும் ஒட்டியிருக்காது, உதிரத்தான் செய்யும். முட்டை சேர்க்காத பன் என்றால் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி ஆறவைத்துத் தடவுங்கள். வெள்ளைக்கரு அளவுக்குப் பிடிக்காவிட்டாலும் பால் தடவுவதைவிட நன்றாகவே நிற்கும்.