கூகுளில் பழைய அறிவிப்பு

“தம்பி, கூகுளில் நம்ம லாட்ஜைத் தேடினால் பெயருக்குக் கீழே ‘சித்திரைத் திருவிழா முன்பணம் திருப்பித் தரப்படாது’ன்னு வருது. நீங்க எழுதின விளக்கம் எங்கே?”

அது பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது அண்ணே. ஆனால் தேடுபவர் தட்டும் சொல்லுக்கு இன்னொரு வரி பொருத்தம் என்று தோன்றினால் கூகுள் அதைக் காட்டிவிடும். திருவிழா முடிந்ததும் அந்த முன்பண அறிவிப்பு பாப்-அப்பை மறைத்தேனே தவிர, கோடிலிருந்து அழிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

கம்ப்யூட்டரில் நம்ம தளத்தைத் திறந்து Ctrl+U அழுத்துங்கள். அங்கே Ctrl+F போட்டு ‘முன்பணம்’ என்று தேடினால், அந்த வரி இன்னும் கிடப்பது தெரியும்.

இன்று ராத்திரியே அழித்துவிடுகிறேன். அடுத்த சித்திரைக்கு இப்படிச் சுற்றிப் போட்டால் தேடல் விளக்கத்தில் வராது:

```
<div data-nosnippet>முன்பண அறிவிப்பு</div>
```

பிறகு தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் Search Console கருவியில் பக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பேன். மாறச் சில நாள் பிடிக்கும். அப்போதும் நம்ம விளக்கத்தைத்தான் காட்டும் என்று என்னால் உறுதி தர முடியாது.