‘கோடைப் பயணம்’ ஏன் ‘டைப் பயணம்’ ஆனது?

கேள்வி: நான் எடுத்த குறும்படத்தின் பெயர் ‘கோடைப் பயணம்’. 1920×1080 அளவில் எடிட் செய்து, தலைப்பை இடது ஓரத்திலிருந்து 150 பிக்சல் தள்ளி வைத்தேன். கணினியிலும் தட்டை டிவியிலும் சரியாக வருகிறது. தாத்தா வீட்டுப் பழைய டியூப் டிவியில், யூஎஸ்பி போடும் டிவிடி பிளேயர் வழியாகப் போட்டால் ‘டைப் பயணம்’ என்று வருகிறது. கடைசியில் கீழே வரும் ‘அன்பு’ என்ற சொல்லிலும் ‘பு’வின் வால் காணவில்லை. படம் திரை முழுக்க நிரம்பித்தான் இருக்கிறது. எவ்வளவு இடம் விட வேண்டும்?

பதில்: தலைப்பை இடப்பக்கம் 384-ஆவது பிக்சலுக்கு முன்னால் தொடங்காதீர்கள், வலப்பக்கம் 1536-ஐத் தாண்ட விடாதீர்கள். மேலே 108, கீழே 972. இந்தப் பெட்டிக்குள் இருக்கும் எழுத்து, சரிசெய்யவே முடியாத அளவுக்குப் பழுதான செட்டைத் தவிர, எந்த டியூப் டிவியிலும் தப்பிவிடும். 150 விட்டவரிடம் 384 கேட்டால் அநியாயமாகத்தான் தெரியும். கணக்கைப் பார்த்தால் புரியும்.

‘படம் திரை முழுக்க நிரம்பித்தான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் படம் 16:9, தாத்தாவின் டிவி 4:3. அகலமான படம் குறுகிய திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாமல் நிரம்புகிறது என்றால் இரண்டே வழிதான். ஒன்று, படம் பக்கவாட்டில் நசுங்கி எல்லோரும் ஒல்லியாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருக்க வேண்டும். எழுத்து காணாமல் போயிருப்பதால் இது வெட்டுதான். சென்டர் கட் என்பார்கள். 1080 உயரத்துக்கு 4:3 அகலம் 1440. மீதி 480 பிக்சலைப் பிளேயர் இந்தப் பக்கம் 240, அந்தப் பக்கம் 240 என்று எறிந்துவிடுகிறது. நீங்கள் விட்ட 150 அங்கேயே போய்விட்டது.

அதோடு முடியவில்லை. மிச்சமிருக்கும் 1440-இலும் டிவி தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். டியூப் டிவிகள் படத்தைத் திரையின் சட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே வரையும்படிதான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். நான்கு பக்கமும் ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1440-இல் 72 பிக்சல். 240-உம் 72-உம் சேர்ந்து 312. ஆக, தாத்தாவின் திரையில் உங்கள் படம் ஏறத்தாழ 312-ஆவது பிக்சலில்தான் ஆரம்பிக்கிறது. 150-இல் தொடங்கிய ‘கோ’ முழுதாகச் சட்டத்துக்குப் பின்னால் போக, ‘டைப் பயணம்’ மிஞ்சியது. கீழே 5 சதவீதம் என்றால் 54 பிக்சல், அதாவது 1026-க்குக் கீழே இருப்பது தெரியாது. ‘பு’வின் வால் தொங்கிய இடம் அதுதான்.

பலர் இங்கே கண்ணால் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும்’ என்று 270-க்கு நகர்த்துவார்கள். தமிழில் அது இன்னும் ஆபத்து. நம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்பவை. 270-இல் வைத்தால் ‘கோ’வின் இரட்டைக்கொம்பு மட்டும் மறைந்து, ‘கா’ பாக்கி நிற்கும். திரையில் ‘காடைப் பயணம்’ என்று வரும். பாதி வெட்டுப்பட்ட எழுத்தைப் பார்த்தால் ஏதோ தவறு என்றாவது தெரியும். இது முழுச் சொல்லாகவே தெரிவதால் பறவை பற்றிய படம் என்று நினைத்துக்கொள்வார்கள், நமக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, டிவி ஏன் இப்படி வரைய வேண்டும்? பிக்சர் டியூபில் படத்தின் அளவு நிலையான ஒன்றல்ல. வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் குறைந்தால் சுருங்கும், பாகங்கள் பழசானால் மாறும். படம் சுருங்கிக் கறுப்பு ஓரம் தெரிந்தால் வாங்கியவர் புகார் சொல்வார் என்று, முன்கூட்டியே பெரிதாக்கி ஓரத்தை மறைத்துவிட்டார்கள். வீடியோ டேப்பில் படத்தின் அடியில் ஓடும் கிழிசல் கோடும் இதில் மறைந்தது, அது ஒரு வசதி. இன்னொரு விஷயம் படம் எடுப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. திரை ரொம்பப் பிரகாசமாக இருந்தால், பழைய டியூபுக்கு உள்ளே டிவியே உண்டாக்கும் உயர் மின்னழுத்தம் மட்டும் சற்று இறங்கி, படம் இன்னும் கொஞ்சம் விரியும். கறுப்புப் பின்னணியில் தப்பிய அதே எழுத்து, வெள்ளைப் பின்னணியில் வெட்டுப்படலாம். ஒரே டிவி, ஒரே இடத்தில் எழுத்து. அதனால் கறுப்பு அட்டையை வைத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

ஒவ்வொரு செட்டிலும் இழப்பு வேறு வேறு என்பதால்தான் பழைய விதி தாராளமாக இருந்தது. முக்கியமான அசைவுகள் படத்தின் 90 சதவீதத்துக்குள், எழுத்து 80 சதவீதத்துக்குள். முதலாவது ஆக்‌ஷன் சேஃப், இரண்டாவது டைட்டில் சேஃப். 80 என்றால் ஒவ்வொரு ஓரத்திலும் 10. உங்கள் 1440-இல் பத்து சதவீதம் 144, வெட்டுப்படும் 240-ஐக் கூட்டினால் 384. நான் முதலில் சொன்ன எண் வந்தது இப்படித்தான். மேலும் கீழும் 1080-இல் பத்து சதவீதம் 108. அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ 2009-இல் இந்த எல்லைகளைத் தளர்த்தி, அசைவுக்கு 93, எழுத்துக்கு 90 என்று ஆக்கியது. அது அகலத் திரைக்காலத்துக்கான கணக்கு. டியூப் டிவியில் ஓடப்போகிறது என்று தெரிந்தால் நான் இன்றும் 80-ஐத்தான் பிடித்துக்கொள்வேன்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் சேஃப் ஏரியா கோட்டைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்போம். பிரீமியரில் அது `Safe Margins`, ரிசால்வில் `View` மெனுவில் `Safe Area`. ஆனால் 16:9 டைம்லைனில் வரும் அந்தக் கோடு 16:9 முழுமைக்குமான கோடு. 1920-இல் பத்து சதவீதம் 192தான். அதற்குள் ஒழுங்காக வைத்த தலைப்பும் சென்டர் கட்டில் போய்விடும். அப்புறம், செட்டிங்கில் 20 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது இரு பக்கமும் சேர்த்த கணக்கு, பக்கத்துக்குப் பத்து. அதைப் பார்த்துவிட்டு ‘ஐயோ, இருபதா’ என்று பாதியாகக் குறைத்துவிடாதீர்கள்.

தாத்தா வீட்டுக்குப் போகாமலே அவர் பார்ப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் 240 வெட்டி, மீதியில் நான்கு பக்கமும் ஐந்து ஐந்து சதவீதம் கழித்தால் 1296×972. கட்டளை வரியிலிருந்து வீடியோ ஓட்டும் எஃப்எஃப்பிளே மென்பொருள் இருந்தால் இந்த ஒரு வரி போதும். நடுப்பகுதியை மட்டும் காட்டும்:

```
ffplay -vf "crop=1296:972" payanam.mp4
```

பாதுகாப்பான பெட்டியைப் படத்தின் மேல் மஞ்சள் கோடாகப் பார்க்க:

```
ffplay -vf "drawbox=x=384:y=108:w=1152:h=864:color=yellow:t=3" payanam.mp4
```

எழுத்து எதுவும் கோட்டைத் தொடக்கூடாது. கீழ்க்கோட்டில் ‘பு’, ‘சு’, ‘யு’ போன்றவற்றின் வாலையும் மேற்கோட்டில் ‘கி’, ‘மீ’ போன்றவற்றின் சுழியையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்தின் அடிக்கோட்டை 972-இல் வைத்துவிட்டு வாலைக் கீழே தொங்கவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன்.

தாத்தாவின் செட் ஒன்றுக்கு மட்டும்தான் என்றால் படத்தைத் தொடாமலே ஒரு வழி உண்டு. டிவிடி பிளேயரின் மெனுவில் டிவி வடிவம் `4:3 PS` என்று இருக்கும். பிஎஸ் என்பது பான் ஸ்கேன், பக்கங்களை வெட்டித் திரையை நிரப்பும் முறை. அதை `4:3 LB` என்று மாற்றிப் பாருங்கள். எல்பி என்பது லெட்டர்பாக்ஸ். படம் முழு அகலமும் வரும், மேலும் கீழும் திரை உயரத்தில் 12.5 சதவீதம் கறுப்புப் பட்டை வரும். மேலே கீழே ஓவர்ஸ்கேன் விழுங்குவது வெறும் கறுப்பைத்தான், ஆகவே ‘அன்பு’ பிழைத்துவிடும். பக்கவாட்டில் 1920-இல் ஐந்து சதவீதம், 96 பிக்சல்தான் போகும். 150-இல் இருக்கும் உங்கள் ‘கோ’ அப்படியே தெரியும். எழுத்தெல்லாம் முக்கால் அளவுக்குச் சுருங்கும் என்பதுதான் இதன் விலை. தாத்தாவின் கண்ணையும் யோசித்துக்கொள்ளுங்கள். சில பிளேயர்கள் டிவிடி தட்டுக்கு மட்டும் இந்தச் செட்டிங்கை மதித்து, யூஎஸ்பி கோப்புக்கு மதிக்காது. மாற்றியும் பட்டை வரவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஆனால் படம் யார் வீட்டில், எந்தப் பிளேயரில் ஓடும் என்று தெரியாதபோது பெட்டிக்குள் அடக்குவதுதான் வழி. 1152 பிக்சல் அகலம் தமிழுக்குக் குறைச்சல்தான். நம் சொற்கள் நீளம். எழுத்தைச் சிறிதாக்காமல் இரண்டு வரியாக உடையுங்கள்: மேலே ‘கோடைப்’, கீழே ‘பயணம்’. எழுத்துக்குப் பின்னால் வண்ணப் பட்டை போடுகிறீர்கள் என்றால் பட்டையை மட்டும் படத்தின் ஓரம் வரை ஓடவிடுங்கள். அது எங்கே வெட்டுப்பட்டாலும் பட்டையாகத்தான் தெரியும். பட்டையையும் பெட்டிக்குள் நிறுத்தினால் தட்டை டிவியில் அந்தரத்தில் மிதப்பதுபோல இருக்கும். மெல்லிய எழுத்துரு வேண்டாம். டியூப் டிவி ஒற்றைப்படை வரியையும் இரட்டைப்படை வரியையும் மாறி மாறி வரைவதால், ‘ட’, ‘ப’, ‘ம’ போன்றவற்றின் அடியில் வரும் கிடைக்கோடு ஒற்றை வரி தடிமனாக இருந்தால் துடித்துக்கொண்டே இருக்கும்.

முழுப் படத்தையும் 80 சதவீதத்துக்குச் சுருக்கி ஏற்றுமதி செய்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். தட்டை டிவியில் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்ட படமாகிவிடும்.

முடிந்தால் ஒரு சோதனை அட்டை செய்து தாத்தாவின் டிவியில் போட்டுப் பாருங்கள். 1440×1080 அளவில் வெள்ளைப் பின்னணி, நான்கு ஓரத்திலிருந்தும் இரண்டு சதவீதத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் 2, 4, 6, 8, 10 என்று எண். செட்டைப் போட்டு அரை மணி நேரம் சூடான பிறகு, ஒவ்வொரு பக்கமும் தெரியும் மிகச் சிறிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றாக இருக்காது. பழைய செட்டில் படம் ஒருபக்கம் நகர்ந்திருப்பது சகஜம். இடப்பக்கம் 4 தெரியும், வலப்பக்கம் 8-தான் தெரியும். பத்தும் தெரியவில்லை என்றால் தலைப்பை விட்டுவிட்டு டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.